மாமியாரின் காலுக்கு எந்த ஷூ?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதிலிருந்து முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்:

“என் மாமியாருக்கு வயசு 62. எட்டு மாசத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துடுச்சு. பேச்சு நல்லா திரும்பிடுச்சு. கைத்தடி வச்சு நடக்கிறாங்க. ஆனா இடது பாதத்தைத் தூக்க வரலை. விரல் தரையிலே சரக் சரக்குன்னு இழுக்குது. ஆஸ்பத்திரியிலே பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் செஞ்சு கொடுத்து, ‘இதை ஷூவுக்குள்ளே போட்டுக்குங்க’ன்னு சொன்னாங்க. எந்த மாதிரி ஷூன்னு சொல்லலை. மூணு ஜோடி வாங்கியாச்சு. எப்பவும் போடற 5-ஆம் நம்பர் கான்வாஸ் ஷூவிலே ஸ்பிளின்ட்டோட கால் நுழையவே இல்லை. சரின்னு 7-ஆம் நம்பரிலே அப்படியே நுழைச்சுக்கிற மாதிரி ஒண்ணு வாங்கினோம். அது நடக்கறப்போ குதிங்காலிலே கழண்டு கழண்டு வருது. கடைசியா நல்ல தோல் ஷூவா வாங்கினோம். கனமா இருக்கு, முட்டி முன்னாலே மடங்கற மாதிரி இருக்குன்னு அத்தை கழற்றிப் போட்டுட்டாங்க. போன வாரம் வெறும் காலோட நடந்து சமையலறை நிலைப்படியிலே தடுக்கி விழப் போனாங்க. நல்லவேளை, நான் பக்கத்திலே இருந்தேன். இப்போ ஸ்பிளின்ட் பீரோ மேலே கிடக்கு. என்னதான் செய்யறது?”

சகோதரி, அந்த ஸ்பிளின்ட்டை முதலில் பீரோவிலிருந்து இறக்குங்கள். உங்கள் மாமியார் பிடிவாதம் பிடிக்கவில்லை. மூன்று ஜோடியையும் பற்றி அவர் சொன்ன குறை ஒவ்வொன்றும் நியாயமானது. அந்தக் குறைகளையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு நாலாவது ஜோடியை வாங்கலாம்.

ஸ்பிளின்ட் பாதி, ஷூ பாதி

முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்பக்கத்தில் ஒரு தசை இருக்கிறது. நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பாதத்தை மேலே தூக்கிப் பிடிப்பது அதுதான். பக்கவாதத்தில் மூளையிலிருந்து அதற்கு உத்தரவு சரியாக வருவதில்லை. அதனால் பாதம் தொங்கிப்போகிறது. அதோடு கெண்டைக்கால் தசை இறுகி, பாதத்தைக் கீழேயும் உள்பக்கமாகவும் இழுக்கும். உங்கள் மாமியாரின் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். இடது செருப்பின் முன்நுனியும் சுண்டுவிரல் பக்கமும்தான் அதிகமாகத் தேய்ந்திருக்கும்.

ஸ்பிளின்ட் என்பது கெண்டைக்காலின் பின்னாலிருந்து இறங்கி, உள்ளங்காலுக்கு அடியில் போகும் பிளாஸ்டிக் தகடு. பாதத்தைத் தொங்க விடாமல் தாங்குவது அதன் வேலை. ஆனால் அது தனியாக அந்த வேலையைச் செய்ய முடியாது. வெறும் ஸ்பிளின்ட்டோடு மொசைக் தரையில் நின்றால் பிளாஸ்டிக் வழுக்கும். உள்ளே குதிங்கால் மேலே எழும்பிவிடும். தகட்டோடு பாதத்தை அழுத்திப் பிடித்து, தரையில் வழுக்காமல் நிறுத்துவது ஷூதான். அதனால்தான் ஷூ சரியில்லாதபோது ஸ்பிளின்ட்டும் சரியில்லாதது போலத் தோன்றுகிறது.

குதிங்கால் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஸ்பிளின்ட்டை வளைத்துச் செய்யும்போதே இவ்வளவு குதி உயரமுள்ள ஷூவுக்கு என்று மனசில் வைத்துத்தான் செய்வார்கள். பெரும்பாலும் முன்பாதத்தைவிடக் குதி 1 முதல் 1.5 செ.மீ. உயர்ந்திருக்கும். நீங்கள் வாங்கிய தோல் ஷூவின் குதி இரண்டரை செ.மீ. இருந்திருக்கலாம். குதி உயர்ந்தால் கால் முழுவதும் முன்னால் சாய்கிறது, முட்டி மடங்குகிறது. “முட்டி முன்னாலே மடங்குது” என்று அவர் சொன்னது இதைத்தான். குதி அளவுக்கு மேல் தட்டையாக இருந்தால் முட்டி பின்பக்கமாகத் தள்ளப்படும். அதுவும் நாளடைவில் முழங்காலைக் கெடுக்கும். ஸ்பிளின்ட் செய்து கொடுத்தவரிடம், “எவ்வளவு குதி உயரத்துக்கு இதைச் செய்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஷூ வாங்கினாலும் அந்த உயரத்திலேயே வாங்குங்கள்.

அளவு எடுப்பது எப்படி?

அத்தையால் கடைக்கு வர முடிந்தால் சாயங்காலமாக அழைத்துப் போங்கள். விழுந்த பக்கக் கால் பொழுது சாயச் சாய வீங்கும். காலையில் சரியாக இருக்கும் ஷூ மாலையில் இறுக்கும். வர முடியாவிட்டால், சாயங்காலத்தில் அவர் உறையும் ஸ்பிளின்ட்டும் போட்டுக்கொண்டு பாதத்தை ஒரு அட்டைமேல் ஊன்றட்டும். ஸ்பிளின்ட்டைச் சுற்றிப் பென்சிலை நேராகப் பிடித்து வரைந்து, அட்டையைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையையும் ஸ்பிளின்ட்டையும் கடைக்குக் கொண்டு போங்கள். வெறும் கால் நம்பரைச் சொல்லி வாங்குவதில் பிரயோசனமில்லை.

உங்கள் விஷயத்தில் கணக்கு இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பாதம் 23.5 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். ஸ்பிளின்ட்டோடு வரைந்த அட்டை 24.3 செ.மீ. நீளம், 9.8 செ.மீ. அகலம். பாருங்கள், நீளத்தில் கூடியது ஒரு நம்பருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அகலத்தில் நன்றாகவே கூடியிருக்கிறது. இதனால்தான் 5-இல் நுழையவில்லை, 7-இல் நிற்கவில்லை. அகலத்துக்காக நீளத்தை இரண்டு நம்பர் கூட்டினால், ஷூவின் மூக்கு விரலைத் தாண்டி நீண்டு, அதுவே தரையில் இடிக்கும். இவருக்கு வேண்டியது 6-ஆம் நம்பரில் அகலமான ஷூ. பெண்கள் ஷூவில் அந்த அகலம் கிடைக்காவிட்டால் ஆண்கள் ஷூவில் அதே நீளத்தில் கேளுங்கள். அது பெரும்பாலும் அகலமாக இருக்கும். யார் ஷூவாக இருந்தால் என்ன, கால் விழாமல் இருந்தால் சரி!

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். ஷூவின் உள்ளே இருக்கும் மெத்தை அட்டை கையால் இழுத்தால் முழுசாக வெளியே வர வேண்டும். இடது ஷூவில் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பிளின்ட்டை வையுங்கள். வலது ஷூவில் அட்டையை அப்படியே விடுங்கள். பிளாஸ்டிக்கின் கனமும் அட்டையின் கனமும் ஏறக்குறைய ஈடாகி, இரண்டு காலும் ஒரே உயரத்தில் நிற்கும். வலது பாதத்துக்கு 6-ஆம் நம்பர் தொளதொளவென்று இருந்தால், அதற்குள் மெல்லிய அட்டை இன்னொன்று போட்டுக் கொஞ்சம் தடித்த உறை மாட்டுங்கள். அப்படியும் கழன்றால் வலதுக்கு 5, இடதுக்கு 6 என்று இரண்டு ஜோடி வாங்குவதைத் தவிர வழியில்லை. செலவுதான். ஆனால் நல்ல கால் நிலையாக ஊன்றாவிட்டால் விழுந்த காலுக்கு ஆதாரமே கிடையாது.

கனம் குறைய வேண்டும், ஆனால்...

நீர் நிரம்பிய சொம்பை மார்போடு அணைத்துப் பிடிப்பது சுலபம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் தோள் வலிக்கும். ஷூ காலின் கடைசியில் தொங்கும் சொம்பு மாதிரி. பாதத்தைத் தூக்க முடியாதவர் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாகச் சுற்றித்தான் முன்னால் கொண்டுவருகிறார். சமையலறைக்கும் கூடத்துக்கும் நாலு தரம் போய் வந்தாலே அந்த இடுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுத் தராசிலோ மளிகைக் கடையிலோ ஒரு ஷூவை மட்டும் நிறுத்துப் பாருங்கள். தோல் ஷூ ஒன்று அரைக் கிலோவை நெருங்கலாம். வலைத்துணி மேல்பாகம் உள்ள விளையாட்டு ஷூ 250, 300 கிராமில் கிடைக்கும். ஒரே மாதிரி பொருந்துகிற இரண்டில் இலேசானதை எடுங்கள்.

ஆனால் இலேசாக இருந்தால் போதும் என்று இறங்கிவிடாதீர்கள். ஹவாய் செருப்பைவிட இலேசானது எது? அது காலைப் பிடிப்பதே இல்லையே! பஞ்சு மாதிரி மெத்தென்று தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும் இலேசுதான். ஆனால் அதில் கால் ஆடும், தடித்த நுனி தரையில் மாட்டும். அடிப்பாகம் மெல்லியதாக, உறுதியாக, அகலமாக இருக்க வேண்டும். ஷூவின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அது உள்ளே மடங்கக் கூடாது. முன்நுனி தோணி மாதிரிச் சற்று மேலே வளைந்திருக்க வேண்டும்.

அந்த நுனியில் ரப்பர் பற்களோடு இருந்தால் மிதியடியிலும் ஜமக்காள ஓரத்திலும் மாட்டி ஆளைத் தள்ளிவிடும். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து நுனியை மட்டும் உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் நுனியில் மட்டும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மெல்லிய தோலை ஒட்டித் தரச் சொல்லலாம். விரல் உரசினாலும் தடுக்காமல் வழுக்கிப் போய்விடும். அடி முழுவதும் ஒட்டிவிடாதீர்கள், ஈரத் தரையில் சறுக்கும்.

ஒரு கையால் கட்ட வேண்டுமே!

அத்தைக்கு வலது கை ஒன்றுதான் உதவும். நாடா உள்ள ஷூ வாங்கினால் காலையில் நீங்கள் கட்டிவிடுவீர்கள். நீங்கள் கடைக்குப் போன நேரத்தில் அவிழ்ந்தால்? அவிழ்ந்த நாடாவை மிதித்து விழுந்தவர்கள் உண்டு.

வெல்க்ரோ வார் உள்ளதை வாங்குங்கள். ஆனால் குறுக்கே இழுத்து அப்படியே ஒட்டுகிற சாதாரண வார் போதாது. ஒரு கையால் அதை இறுக்க முடியாது. மறு பக்கத்தில் ஒரு நீள்சதுர வளையம் வைத்து, வார் அதற்குள் நுழைந்து திரும்பி வந்து தன்மேலேயே ஒட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பை வாரில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. இழுக்க இழுக்க இறுகும், விட்டாலும் தளராது. கடையில் கிடைக்காவிட்டால் செருப்புத் தைக்கிறவரே வளையமும் ஒரு அங்குல அகல வாரும் வைத்துத் தைத்துத் தருவார். வாரைத் திருப்பி ஒட்ட வேண்டியிருப்பதால் சாதாரண வாரைவிட ஏறக்குறைய இரட்டிப்பு நீளம் வேண்டும். எந்தப் பக்கமாக இழுத்தால் வலது கைக்குச் சுலபம் என்று அத்தையையே இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தைக்கக் கொடுங்கள். வார் நுனியில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு காது தைத்துக்கொண்டால் பிடித்து இழுக்க வசதி.

வார் இரண்டு போதும். மேல் வார், புறங்கால் கணுக்காலோடு சேர்ந்து மடங்குமே, அந்த இடத்தில் உட்கார வேண்டும். குதிங்காலைக் கீழே அழுத்திப் பிடிப்பது அதுதான், அதை இறுக்கமாகப் போடலாம். விரல் பக்கத்து வார் சும்மா மூடி நின்றால் போதும். போட்டு முடித்ததும் ஷூவின் குதியை நீங்கள் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அத்தையைக் குதிங்காலைத் தூக்கப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே குதிங்கால் எழும்பினால் மேல் வார் இடம் தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புடவைக் கொசுவத்தைப் பிடித்திழுக்கும். அதனால் சொரசொரப்பு முழுவதும் மறையும்படி ஒட்டுங்கள். புடவையையும் கணுக்காலுக்கு மேலே இரண்டு அங்குலம் ஏற்றிக் கட்டிவிடுங்கள். நூலும் தலைமுடியும் சேர்ந்தால் வெல்க்ரோ பிடிப்புக் கெடும். வாரம் ஒரு தரம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் வாரை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளலாம்.

மாட்டுகிற விதம்

கட்டில் விளிம்பில் உட்கார வேண்டாம். கைவைத்த நாற்காலியில் உட்காரட்டும். முதலில் முழங்கால் வரை வரும் பருத்தி உறை. அது ஸ்பிளின்ட்டின் மேல் விளிம்பைத் தாண்டி நிற்க வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது. இடது காலில் கொலுசும் மெட்டியும் இருந்தால் கழற்றிவிடுங்கள். வாருக்கு அடியில் கொலுசு அழுந்தினாலும், உறைக்குள் மெட்டி பக்கத்து விரலில் உரசினாலும் அவருக்கு உறைக்காமல் போகலாம். அந்தக் கால் பாதி மரத்துப் போயிருக்கலாம். மெட்டியைக் கழற்ற மனசு வராவிட்டால் வலது காலில் மட்டும் இருக்கட்டும்.

ஸ்பிளின்ட்டை முன்கூட்டியே ஷூவுக்குள், பின்னால் முட்டுகிற வரை தள்ளி வைத்துவிடுங்கள். வார் எல்லாம் நன்றாகத் திறந்திருக்கட்டும். இப்போது முட்டியை நன்றாக மடக்கிப் பாதத்தை உள்ளே நுழைக்க வேண்டும். கால் நீட்டியிருந்தால் கெண்டைக்கால் இறுகி, பாதம் விறைத்துக்கொண்டு நுழையாது. மடக்கினால் அந்த விறைப்புத் தளரும். பாதம் உள்ளே போனதும் அத்தை தன் வலது கையால் இடது முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தட்டும். குதிங்கால் பின்னால் போய் உட்காரும். பிறகு கணுக்கால் வார், கெண்டைக்கால் வார், கடைசியில் ஷூ வார் என்று போட வேண்டும். ஷூ வாய் விரல் வரை அகலமாகத் திறந்தால்தான் இது நடக்கும். ஷூ வாங்கும்போதே இதைக் கவனியுங்கள்.

வீட்டுக்குள் ஷூவா?

இதுதான் நம் வீடுகளில் பெரிய தடை. வாசலிலேயே செருப்பைக் கழற்றும் பழக்கத்தில் வளர்ந்தவர், கூடத்தில் ஷூ போட்டுக்கொண்டு நடக்க மனசு கூசுவார். ஆனால் அவர் நாள் முழுவதும் நடப்பது வீட்டுக்குள்தான். விழப் போனதும் வாசலில் இல்லை, சமையலறை நிலைப்படியில்தான்.

அதனால் வெளியே ஒரு தடவைகூடப் போடாத ஜோடி ஒன்றை வீட்டுக்கென்று தனியாக வையுங்கள். அதன் அடியை வாரம் ஒரு தரம் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே போகும் ஜோடிக்கும் இதற்கும் குதி உயரம் ஒன்றாகவே இருக்கட்டும். பூஜையறை வாசலில் ஒரு நாற்காலி போட்டுவிட்டால் ஷூவோடு உள்ளே போக வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்தபடியே கும்பிடலாம். “இது செருப்பு இல்லே அத்தை, கால்தான்” என்று சொல்லிப் பாருங்கள்.

தோலைப் பாருங்கள்

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கணுக்கால் முட்டு இரண்டு பக்கமும், குதிங்காலின் பின்புறம், சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் பாதத்தின் நடுவே ஓர் எலும்பு துருத்துமே அந்த இடம், ஸ்பிளின்ட்டின் மேல் விளிம்பு படும் கெண்டைக்கால். சிவந்திருந்தால் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்குள் சிவப்பு மறைந்தால் பயமில்லை. மறுநாள் ஒரு மணி நேரம் கூட்டலாம். மறையாவிட்டால், கறுத்தால், கொப்புளம் கண்டால் அன்றோடு நிறுத்திவிட்டு, ஷூவும் ஸ்பிளின்ட்டும் இரண்டையும் எடுத்துக்கொண்டு செய்தவரிடம் போங்கள். நிறம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அங்கே தொட்டுப் பார்த்துச் சூடோ கெட்டியோ இருக்கிறதா என்று கவனியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்தச் சோதனை தினமும், ஆயுசுக்கும்.

இவ்வளவு செய்தும் பாதம் ஷூவுக்குள்ளேயே உள்பக்கம் முறுக்கிக்கொண்டு, சுண்டுவிரல் ஓரத்தில்தான் நடக்கிறார் என்றால் அது ஷூவால் தீராது. ஸ்பிளின்ட்டை மாற்ற வேண்டும், அல்லது தசை இறுக்கத்துக்கு வைத்தியம் வேண்டும். சென்னையில் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புனர்வாழ்வுப் பிரிவு போன்ற இடங்களில் நடையைப் பார்த்துச் சாதனம் செய்து தருகிறார்கள். உங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பிரிவில் கேட்டாலும் வழி சொல்வார்கள். எங்கே போனாலும் போடுகிற ஷூவையும் கையோடு கொண்டு போங்கள். ஷூ இல்லாமல் ஸ்பிளின்ட்டை மட்டும் காட்டினால் அவர்களாலும் பாதிதான் பார்க்க முடியும்.

சரியான ஜோடி கிடைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அடுத்த அறையில் இருந்துகொண்டு அத்தை நடப்பதைக் காதால் கேளுங்கள். ‘சரக் சரக்’ போய், கைத்தடியோடு சேர்ந்து ‘டக்... டக்’ என்று குதிங்கால் முதலில் ஊன்றும் சத்தம் கேட்க வேண்டும். மறுபடி என்றைக்கு இழுக்கும் சத்தம் வருகிறதோ, அன்றைக்கு வாரையும் ஷூவின் நுனியையும் எடுத்துப் பாருங்கள்.